நினைவுக்குத் தரும் மாத்திரை சிறுநீர்ப்பையை ஏன் தொடுகிறது?

எங்கள் பிரிவுக்கு 74 வயதுப் பெரியவர் ஒருவரை அவருடைய மனைவியும் மகளும் அழைத்து வந்தார்கள். அவருக்கு அல்சைமர் நோய் இருப்பது முன்பே உறுதி செய்யப்பட்டிருந்தது. டோனெபெசில் என்னும் மாத்திரையை நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் வீதம் ஆறு வாரங்கள் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அளவு 10 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. முதல் இரண்டு மாதங்களில் குடும்பத்தினருக்கு ஓரளவு நிம்மதி கிடைத்தது. காலையில் செய்தித்தாளை எடுத்து உட்கார்ந்தார். பேச்சை நடுவில் விட்டுவிடாமல் முடித்தார். பிறகு நிலைமை தலைகீழானது. மாலையானால் வீட்டில் இல்லாத ஆட்களோடு பேசினார். இரவு முழுவதும் எழுந்து நடந்தார். "டாக்டர், அப்பாவுக்கு இவ்வளவு சீக்கிரம் நோய் முற்றிவிட்டதா? மாத்திரையின் அளவை இன்னும் கூட்ட வேண்டுமா?" என்று மகள் கேட்டார்.

அவர்கள் கொண்டுவந்த மருந்துப் பையை மேசைமீது கொட்டிப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. டோனெபெசிலின் அளவு கூட்டப்பட்ட மூன்றாம் வாரத்தில் அவருக்குச் சிறுநீர் அடிக்கடி வரத் தொடங்கியிருக்கிறது. கழிப்பறைக்குப் போய்ச் சேருமுன் உடை நனைந்திருக்கிறது. வேறோரிடத்தில் காட்டியபோது, சிறுநீர்ப்பையை அடக்குவதற்காக ஆக்ஸிபியூட்டினின் என்னும் மாத்திரையை நாளுக்கு இருவேளை எழுதித் தந்திருக்கிறார்கள். அந்த மாத்திரை தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள் மாலை நேரக் குழப்பம் வந்துவிட்டது.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு மாத்திரைகளும் தவறானவை அல்ல. சேர்ந்தபோதுதான் ஒன்றையொன்று எதிர்த்துப் போரிட்டன. அது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொண்டால், மறதி நோய்க்குத் தரப்படும் இவ்வகை மருந்துகளின் பயன், எல்லை, பக்கவிளைவு ஆகிய மூன்றும் ஒரே நூலில் கோத்ததுபோல விளங்கிவிடும். அந்த நூலின் பெயர் அசிட்டைல்கோலின்.

நரம்பின் தூதுப்பொருள்

ஒரு நரம்பு இன்னொரு நரம்பையோ தசையையோ சுரப்பியையோ நேரடியாகத் தொடுவதில்லை. நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. செய்தி வரும்போது நரம்பின் நுனி ஒரு வேதிப்பொருளை அந்த இடைவெளியில் விடுகிறது. அது எதிர்க்கரையில் உள்ள ஏற்பிகள் என்னும் புரதங்களில் பொருந்தும்போது செய்தி சேர்கிறது. சாவி பூட்டில் பொருந்துவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட தூதுப்பொருள்களில் முதலில் கண்டறியப்பட்டது அசிட்டைல்கோலின். 1921ஆம் ஆண்டு ஆட்டோ லோவி என்னும் அறிவியலாளர் இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து உப்புநீரில் துடிக்கவிட்டார். முதல் இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டியபோது அதன் துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் செலுத்தினார். எந்த நரம்பும் தூண்டப்படாத அந்த இதயமும் மெதுவாகத் துடித்தது. நரம்பு ஏதோ ஒரு பொருளை நீரில் விட்டிருக்கிறது என்பது அதனால் உறுதியானது. அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின் என்பது பின்னர் தெரிந்தது.

மூளையின் நினைவைப் பற்றிப் பேசும் இந்தக் கட்டுரையில் இதயத்தைப் பற்றிய சோதனையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நினைவுக்கு உதவும் அதே பொருள்தான் இதயத் துடிப்பையும் மெதுவாக்குகிறது. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

ஒரு சாவி, இருவகைப் பூட்டு

அசிட்டைல்கோலின் ஒரே பொருளாக இருந்தும் உடலின் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விதமாக வேலை செய்கிறது. 1914இலேயே ஹென்றி டேல் என்னும் ஆங்கில ஆய்வாளர் இதைக் கவனித்தார். அதன் செயல்களில் ஒரு பகுதி, மஸ்கரின் என்னும் நச்சுக் காளான் பொருளின் செயலை ஒத்திருந்தது. இன்னொரு பகுதி, புகையிலையில் உள்ள நிக்கோட்டினின் செயலை ஒத்திருந்தது. அந்த இரண்டு பொருள்களின் பெயரிலேயே அசிட்டைல்கோலினின் ஏற்பிகளும் மஸ்கரினிக் ஏற்பி, நிக்கோட்டினிக் ஏற்பி என்று இன்றுவரை அழைக்கப்படுகின்றன. லோவிக்கும் டேலுக்கும் 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

நிக்கோட்டினிக் ஏற்பி ஒரு கதவைப் போன்றது. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு வழியை அமைக்கின்றன. அசிட்டைல்கோலின் வந்து பொருந்தியதும் அந்த வழி திறந்து, சோடியம் போன்ற உப்பணுக்கள் உள்ளே பாய்கின்றன. ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் இது முடிந்துவிடும். விரைவு தேவைப்படும் இடங்களில் இந்த ஏற்பி இருக்கிறது. கையை உயர்த்தவும் காலை எடுத்து வைக்கவும் உதவும் தசைகள் அனைத்தும் நரம்பின் ஆணையை இதன் வழியாகவே பெறுகின்றன. மூளையில் இது கவனத்தைக் குவிப்பதோடு தொடர்புடையது.

மஸ்கரினிக் ஏற்பி வாயிலில் தொங்கும் மணியைப் போன்றது. மணி அடித்தவுடன் கதவு தானாகத் திறப்பதில்லை. உள்ளே இருப்பவர் எழுந்து வந்து திறக்க வேண்டும். அசிட்டைல்கோலின் பொருந்தியதும், ஜி புரதம் என்னும் இடையாள் உயிரணுவின் உள்ளே வேலையைத் தொடங்குகிறது. இதற்குச் சற்று அதிக நேரமாகும். ஆனால் விளைவு நீடித்து நிற்கும். இவ்வகை ஏற்பிகளில் ஐந்து உட்பிரிவுகள் உள்ளன. அவற்றுள் மூன்றை அறிந்தால் நமக்குப் போதும். எம்1 ஏற்பி மூளையில், குறிப்பாக நினைவைப் பதிக்கும் பகுதிகளில் மிகுதி. எம்2 ஏற்பி இதயத்தில் இருந்து துடிப்பைக் குறைக்கிறது. எம்3 ஏற்பி உமிழ்நீர்ச் சுரப்பியிலும் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் இருந்து, சுரக்கவும் சுருங்கவும் செய்கிறது.

மஸ்கரினிக் ஏற்பிகள் அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்ப்புறத்திலேயே ஒரு சான்று உண்டு. ஊமத்தங்காயைத் தின்றவருக்கு வாய் வறளும், கண்பாவை விரியும், சிறுநீர் கட்டும். இல்லாததைக் கண்டு பிதற்றுவார். ஊமத்தையில் உள்ள அட்ரோபின், ஸ்கோபோலமின் ஆகிய பொருள்கள் மஸ்கரினிக் ஏற்பிகளை அடைத்துவிடுவதே காரணம். வறண்ட வாயும் குழம்பிய மனமும் ஒரே ஏற்பி வகையின் இரண்டு முகங்கள். எங்கள் நோயாளிக்கு நடந்ததற்கான குறிப்பு இதிலேயே இருக்கிறது.

உடைவதைத் தடுப்பது ஏன்?

மூளையின் அடிப்பகுதியில் மெய்னர்ட் கரு என்றொரு சிறிய நரம்புக் கூட்டம் இருக்கிறது. மூளையின் மேற்பரப்பு முழுவதற்கும் அசிட்டைல்கோலின் பெரும்பாலும் இங்கிருந்துதான் செல்கிறது. அல்சைமர் நோயில் இந்த நரம்புகள் தொடக்கத்திலேயே சிதைகின்றன. 1976, 1977 ஆண்டுகளில் எடின்பரோ, லண்டன், நியூகாசில் ஆகிய நகரங்களின் ஆய்வாளர்கள், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் அசிட்டைல்கோலினை உண்டாக்கும் நொதி வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அதற்குச் சற்று முன்னர், நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களுக்கு ஸ்கோபோலமின் கொடுத்துச் செய்த ஆய்வில், அவர்களுடைய நினைவு தற்காலிகமாகத் தடுமாறியது தெரிந்திருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, குறைந்துபோன அசிட்டைல்கோலினை ஈடுசெய்ய முடியுமா என்ற கேள்வி எழுந்தது.

மூலப்பொருளை உணவாகத் தந்து பார்த்தார்கள், பலன் இல்லை. நரம்புகளே குறைந்துவிட்டபோது மூலப்பொருளைக் குவிப்பதால் உற்பத்தி பெருகுவதில்லை. ஏற்பிகளை நேரடியாகத் தூண்டும் மருந்துகளையும் முயன்றார்கள். அவை நரம்பின் செய்தி வந்தாலும் வராவிட்டாலும் ஏற்பியை ஓயாமல் அழுத்தின. வாந்தி, வியர்வை போன்ற தொல்லைகளும் மிகுந்தன.

எஞ்சியது மூன்றாவது வழி. அசிட்டைல்கோலின் தன் செய்தியைச் சொன்ன மறுகணமே அசிட்டைல்கோலினெஸ்டிரேஸ் என்னும் நொதி அதை உடைத்துவிடுகிறது. இந்த நொதியின் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை உடைக்க வல்லது. நலமுள்ள மூளைக்கு இந்த வேகம் நல்லது. பழைய செய்தி கலையாமல் புதிய செய்தியைக் கேட்க முடியாது. ஆனால் தூதுப்பொருளே அரிதாகிவிட்ட மூளையில், இருக்கும் கொஞ்சமும் இப்படிக் கரைந்துபோகிறது. நொதியின் வேகத்தைச் சற்றுக் குறைத்தால், நரம்பு விடும் ஒவ்வொரு துளியும் கூடுதல் நேரம் தங்கி வேலை செய்யும். எப்போது பேசுவது என்பதை நரம்பே தீர்மானிக்கிறது. பேசிய சொல் சற்று நேரம் கூடுதலாக ஒலிக்கிறது. இந்த வழியின் சிறப்பு அதுதான்.

இதன் எல்லையும் அங்கேயே இருக்கிறது. பேச நரம்பு இருந்தால்தான் சொல் ஒலிக்கும். மருந்து புதிய நரம்புகளை உண்டாக்குவதில்லை. சிதைவு நடப்பதைத் தடுப்பதுமில்லை. அல்சைமர் நோயில் 70 புள்ளிகள் கொண்ட ஒரு நினைவுத் தேர்வைக் கொண்டு அளந்தால், ஆறு மாத முடிவில் மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இடையே சராசரியாக இரண்டரை முதல் மூன்று புள்ளிகள்தான் வேறுபாடு. சிலருக்கு இதைவிடத் தெளிவான மாற்றம் தெரியும். சிலருக்கு ஒன்றும் தெரியாது. மூன்று மாதங்கள் கழித்து வரும்போது "மாறியிருக்கிறாரா?" என்று மட்டும் கேட்காமல், "மோசமாகாமல் இருக்கிறாரா?" என்றும் நாங்கள் கேட்பது இதனால்தான்.

லூயி உருண்டை நோயால் வரும் மறதியிலும், பார்க்கின்சன் நோயோடு வரும் மறதியிலும் அசிட்டைல்கோலின் வெகுவாகக் குறைவதால் அவற்றிலும் இம்மருந்துகள் உதவுகின்றன. மூளையின் முன்புறமும் பக்கவாட்டுப் பகுதியும் சுருங்குவதால் வரும் மறதியில் இவை உதவுவதில்லை. சிலருக்கு அமைதியின்மையைக் கூட்டவும் செய்யும். பக்கத்து வீட்டாருக்குப் பலன் தந்த மாத்திரையை நாங்கள் உங்கள் தந்தைக்குத் தராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

மருந்துகள் மூன்று

இன்று பயன்பாட்டில் இருப்பவை டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கலன்டமின் ஆகிய மூன்று. 1993இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்தான டாக்ரின் கல்லீரலைப் பாதித்ததால் வழக்கொழிந்துவிட்டது. பிறகு வந்த மூன்றிலும் அந்தக் குறை இல்லை.

டோனெபெசில் உடலில் நெடுநேரம் தங்குவதால் நாளுக்கு ஒருவேளை போதும். 5 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்து, உடல் ஏற்றுக்கொண்டால் மட்டும் 10 மில்லிகிராமுக்கு உயர்த்துகிறோம். இரவில் எடுத்துக்கொண்டு கெட்ட கனவுகள் வந்தால் காலைக்கு மாற்றச் சொல்கிறோம். ரிவாஸ்டிக்மின் மாத்திரையாகவும் தோலில் ஒட்டும் பட்டையாகவும் கிடைக்கிறது. மாத்திரை என்றால் உணவோடு இருவேளை தர வேண்டும். பட்டை வயிற்றுக்குச் சற்றே இதமானது. கலன்டமின் நொதியைத் தடுப்பதோடு, நிக்கோட்டினிக் ஏற்பியின்மீதும் பொருந்தி அதன் திறப்பை எளிதாக்குகிறது. ஆயினும் நடைமுறையில் மூன்றின் பலனும் ஏறத்தாழ ஒன்றே. எதைத் தேர்வது என்பதை நோயாளியின் வயிறு, இதயம், வீட்டில் மருந்தை எடுத்துக் கொடுப்பவரின் வசதி ஆகியவையே முடிவு செய்கின்றன.

நிக்கோட்டினிக் ஏற்பி கவனத்துக்கு உதவுகிறது என்றால் புகைப்பது நல்லதா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. புகைப்பழக்கம் மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. இரத்தக்குழாய்களுக்கு அது செய்யும் கேட்டை எந்த நன்மையாலும் ஈடுகட்ட முடியாது.

பக்கவிளைவுகளை ஏற்பியைக் கொண்டு அறிதல்

மருந்து மூளையில் உள்ள நொதியை மட்டும் தேர்ந்து தடுப்பதில்லை. இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்வதால், அசிட்டைல்கோலின் வேலை செய்யும் இடமெங்கும் அதன் அளவு கூடுகிறது. அங்கே எந்த ஏற்பி இருக்கிறதோ அதற்கேற்ற விளைவு தெரிகிறது.

குடலின் எம்3 ஏற்பி தூண்டப்பட்டால் குமட்டலும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பசி குறைந்து எடையும் குறையலாம். சிறுநீர்ப்பையின் எம்3 ஏற்பி தூண்டப்பட்டால் பை தானாகச் சுருங்கிச் சிறுநீர் அவசரமாக வரும். இதயத்தின் எம்2 ஏற்பி தூண்டப்பட்டால் நாடி குறையும்; லோவியின் தவளை இதயத்தில் நடந்தது இதுவே. கெண்டைக்கால் தசையின் நிக்கோட்டினிக் ஏற்பி தூண்டப்பட்டால் இரவில் தசைப்பிடிப்பு வரும்.

இவற்றுள் வயிற்றுத் தொல்லைகள் பெரும்பாலும் அளவைக் கூட்டும் நாள்களில் தோன்றி, ஓரிரு வாரங்களில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அளவைக் குறைக்கிறோம். நாடி குறைவதுதான் எங்களைக் கவலைகொள்ளச் செய்வது. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரைகளை ஏற்கெனவே எடுப்பவருக்கு நாடி இன்னும் குறையலாம். மறதி நோயுள்ளவர் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், மருந்தால் கிடைத்த நன்மை அத்தனையும் ஒரே நாளில் போய்விடும். எனவே மருந்து தொடங்குமுன் இதய மின்வரைபடம் எடுக்கிறோம். வீட்டில் வாரம் ஒருமுறை நாடியை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிக் குறித்து வைக்கச் சொல்கிறோம். எண்ணிக்கை 50க்குக் கீழே போனாலும், எண்ணிக்கை எதுவாயினும் மயக்கம் வந்தாலும், அடுத்த வேளை மருந்தைத் தருமுன் எங்களை அழையுங்கள்.

மருந்துக்கு மேல் மருந்து

இப்போது முதலில் சொன்ன பெரியவருக்குத் திரும்புவோம். டோனெபெசிலின் அளவு கூடியபோது சிறுநீர்ப்பையின் எம்3 ஏற்பிகள் தூண்டப்பட்டன, சிறுநீர் அடங்கவில்லை. அது மருந்தின் விளைவு என்பது தெரியாததால் புதிய நோயாகக் கருதப்பட்டது. அதற்குத் தரப்பட்ட ஆக்ஸிபியூட்டினின் மஸ்கரினிக் ஏற்பிகளை அடைக்கும் மருந்து. அதுவும் சிறுநீர்ப்பையோடு நிற்பதில்லை. மூளைக்குள் நுழைந்து எம்1 ஏற்பிகளையும் அடைக்கிறது. டோனெபெசில் அசிட்டைல்கோலின் என்னும் சாவியைக் கூட்டிக்கொண்டிருந்தது. ஆக்ஸிபியூட்டினின் பூட்டுத் துளையில் மெழுகை அடைத்துக்கொண்டிருந்தது. ஏற்கெனவே குறைவோடு வாழும் மூளை இதைத் தாங்கவில்லை. ஊமத்தை தின்றவரிடம் காணும் குழப்பத்தின் மெல்லிய வடிவம்தான் அவரிடம் தெரிந்தது.

நோய் முற்றியதா, மருந்தா என்று பிரித்தறிய நாங்கள் மூன்றைக் கவனித்தோம். முதலாவது, வேகம். அல்சைமர் நோய் மாதக்கணக்கில்தான் இறங்கும். இரண்டு வாரங்களில் தலைகீழாவது அதன் இயல்பன்று. இரண்டாவது, உடலின் அடையாளங்கள். அவருடைய நாக்கு காய்ந்திருந்தது. நான்கு நாள்களாக மலம் போகவில்லை. மூன்றாவது, மருந்து தொடங்கிய தேதி. மனைவி நாட்காட்டியில் குறித்து வைத்திருந்த தேதிக்கும் குழப்பம் தொடங்கிய நாளுக்கும் உள்ள இடைவெளி பொருந்தியது. திடீர்க் குழப்பத்துக்குச் சிறுநீர்த்தொற்று, உப்புச்சத்துக் குறைவு, சர்க்கரை மாற்றம் ஆகியவையும் காரணமாகலாம் என்பதால் அவற்றையும் சோதித்தோம். அவை இல்லை என்று தெரிந்தது.

ஆக்ஸிபியூட்டினினை நிறுத்தினோம். டோனெபெசிலை 5 மில்லிகிராமுக்குக் குறைத்துக் காலைக்கு மாற்றினோம். மலச்சிக்கலைச் சரிசெய்தோம். பகலில் இரண்டு மணிக்கொருமுறை, கேட்காவிட்டாலும் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லும்படி சொன்னோம். மாலை ஆறு மணிக்குப் பிறகு தேநீரைத் தவிர்க்கச் சொன்னோம். ஒரு வாரத்தில் இல்லாத ஆட்களோடு பேசுவது நின்றது. மூன்றாம் வாரத்தில் வந்தபோது, பகலில் உடை நனைவதில்லை என்று மனைவி சொன்னார். அவர் இப்போதும் 5 மில்லிகிராமிலேயே இருக்கிறார். அவருக்கு ஏற்ற அளவு அதுதான். அவருடைய மறதி நீங்கிவிடவில்லை. செய்தித்தாளை மீண்டும் கையில் எடுக்கிறார்.

பழக்கங்களால் சிறுநீர்த் தொல்லை அடங்காதவர்களுக்கு, அசிட்டைல்கோலினைத் தொடாமல் வேறு ஏற்பியின் வழியாகப் பையைத் தளர்த்தும் மிராபெக்ரான் போன்ற மருந்தை யோசிக்கலாம். இரத்த அழுத்தத்தைப் பார்த்து அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

மஸ்கரினிக் ஏற்பிகளை அடைக்கும் மருந்துகள் எளிய பெயர்களில் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. சளிக்கும் அரிப்புக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின். வயிற்றுவலிக்குத் தரும் டைசைக்ளோமின். நரம்புவலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின். கைநடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிபெனிடில் ஆகியவை அவற்றுள் சில. கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகூட இப்பட்டியலில் இருக்கலாம். இவற்றுள் எதையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே நெடுநாளாக எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். சிலவற்றைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும். எங்களிடம் காட்டுங்கள்.

ஒட்டும் பட்டை பயன்படுத்துவோர் ஒன்றை மறக்கக் கூடாது. புதியதை ஒட்டுமுன் பழையதை எடுத்துவிட வேண்டும். முதுகில் ஒட்டிய பழைய பட்டை பார்வையில் படாமல் தங்கிவிட, அடுத்தடுத்து இரண்டு மூன்று பட்டைகள் சேர்ந்துவிடுவது உண்டு. அப்போது வாந்தி, மிகுந்த வியர்வை, எச்சில் ஊறுதல், நாடி தளர்தல் ஆகியவை வரும். உடனே எல்லாப் பட்டைகளையும் அகற்றிவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். பட்டையின்மீது தேதியை எழுதி ஒட்டுவதும், நாளுக்கொரு இடமாக மாற்றுவதும் நல்ல வழக்கம். ரிவாஸ்டிக்மினை எந்தக் காரணத்தாலாவது மூன்று நாள்களுக்கு மேல் விட்டுவிட்டால் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்காதீர்கள். உடல் பழக்கத்தை இழந்திருக்கும். கடும் வாந்தி வரலாம். மிகக் குறைந்த அளவிலிருந்து எங்கள் மேற்பார்வையில் தொடங்க வேண்டும்.

அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், மயக்க மருந்து நிபுணரிடம் இந்த மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். தசையைத் தளர்த்தும் சில ஊசிகள் நிக்கோட்டினிக் ஏற்பியின் வழியாக வேலை செய்கின்றன. டோனெபெசிலும் அதன் இனத்தவையும் அவற்றின் விளைவை நீட்டிக்கவோ குறைக்கவோ கூடும். ஆஸ்துமாவோ வயிற்றுப் புண்ணோ முன்பு இருந்திருந்தால் அதையும் எங்களிடம் தெரிவியுங்கள். அசிட்டைல்கோலின் மூச்சுக்குழாயைச் சுருக்கும், இரைப்பை அமிலத்தைக் கூட்டும்.

அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டை மட்டும் கொண்டுவர வேண்டாம். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், சளி மருந்துப் புட்டியையும், சித்த மருந்துப் பொடியையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அந்தப் பெரியவரின் குழப்பத்துக்குக் காரணத்தை எங்களுக்குக் காட்டியவை அவருடைய மனைவி கொண்டுவந்த அந்தப் பையும் அந்த நாட்காட்டியுமே.